ஒரு பெயரின் தடம்: சதியபுதோ முதல் அதிகைமான் வரை
(தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். தகடூரை ஆண்டவன், இன்றைய தர்மபுரிப் பகுதியின் தலைவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். இன்று அந்த வள்ளலின் கொடையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவனுடைய பெயரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். இந்தப் பெயர் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கல்லிலும் செம்பிலும் ஏட்டிலும் தொடர்ந்து கிடைக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களை எப்படிப் பின்தொடர்வது, எங்கே கால் இடறும் என்பதுதான் இன்றைய பேச்சு.

அசோகரின் கல்லில் தொடங்குவோம்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பாறைகளில் ஆணைகளைப் பொறித்தார். அவற்றில் இரண்டாம் பாறை ஆணை மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்கிறது. தம் ஆட்சிக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் இருந்த நாடுகளிலும் அதைச் செய்ததாகச் சொல்லி, தெற்கே இருந்தவர்களைப் பட்டியல் இடுகிறது. சோழர், பாண்டியர், சதியபுதோ, கேரளபுதோ, தாமிரபரணி என்னும் இலங்கை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

இந்த ஆணை ஒரே இடத்தில் மட்டும் இல்லை. குஜராத்தின் கிர்நார், இமயமலை அடிவாரத்தின் கால்சி, இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கரி என்று பல இடங்களில் அதே ஆணை வெட்டப்பட்டிருக்கிறது. கிர்நாரில் 'புதோ' என்று முடியும் சொல், ஷாபாஸ்கரியில் 'புத்ரோ' என்று முடிகிறது. வடமேற்கு மக்களின் பேச்சில் ரகரம் நின்றது. மற்ற இடங்களில் அது விழுந்துவிட்டது. ஆகவே முதல் பாடம் இங்கேயே கிடைக்கிறது. கல்லில் இருக்கும் வடிவம் பெயருக்கு உரியவரின் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. எழுதியவரின் மொழியும் அதில் கலந்திருக்கும்.

சோழரும் பாண்டியரும் யார் என்பதில் ஐயம் இல்லை. கேரளபுதோ என்பது சேரர். அப்படியானால் சேர சோழ பாண்டியரோடு சமமாக வைத்து எண்ணப்பட்ட இந்த சதியபுதோ யார்? இந்தக் கேள்வி அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது.

பொருளைத் தேடியதால் வந்த பிழை

பலரும் 'சதிய' என்பதைப் பார்த்ததும் 'சத்தியம்' என்று படித்துவிட்டார்கள். சத்தியபுத்திரர் என்றால் உண்மையின் மக்கள். பிறகு உண்மையோடு தொடர்புடைய ஊரையும் குலத்தையும் தேடத் தொடங்கினார்கள். காஞ்சிபுரத்துக்குச் சத்தியவிரத க்ஷேத்திரம் என்ற பெயர் உண்டு. ஆகவே காஞ்சி என்றார் ஒருவர். சத்தியமங்கலம் என்றார் இன்னொருவர். சங்கப் பாடல்களில் வாய்மைக்குப் பெயர்பெற்ற கோசர் என்றார் மற்றொருவர். மராத்தியரில் உள்ள சாத்புதே என்ற குடிப்பெயர் வரை தேடல் போனது.

ஒவ்வொன்றும் கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் இவற்றைச் சோதிக்க ஓர் எளிய வழி அசோகரின் ஆணைகளிலேயே இருந்தது. அசோகர் வேறு ஆணைகளில் 'உண்மை பேச வேண்டும்' என்று அறிவுறுத்துகிறார். அங்கே உண்மை என்பதற்கு அவருடைய பிராகிருதத்தில் உள்ள சொல் 'சச்ச' என்பது. வடமொழியில் 'த்ய' என வருவது பிராகிருதத்தில் 'ச்ச' ஆகும். ஆகவே அந்தப் பெயர் உண்மையைக் குறித்திருந்தால் 'சச்சபுதோ' என்ற வடிவத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும். கல்லில் இருப்பதோ 'சதியபுதோ'. எழுதியவர் அதைச் 'சத்தியம்' என்ற சொல்லாகக் கருதவில்லை. தாம் கேட்ட ஓர் அயல்பெயராகவே எழுதினார் என்று கொள்வதே பொருத்தம்.

ஆகவே இரண்டாம் பாடம் இது: பழம்பெயரில் முதலில் பொருளைத் தேடக் கூடாது, ஒலியைப் பின்தொடர வேண்டும். பொருள் நம்மை எங்கு வேண்டுமானாலும் இழுத்துச் செல்லும். ஒலி மாற்றத்துக்கோ ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் பிற சொற்களைக் கொண்டு சோதிக்கவும் முடியும்.

ஒலி வழியில் பார்த்த சிலர், சதிய என்பதும் அதியர் என்பதும் ஒன்றே என்று முன்பே சொன்னார்கள். ஆனால் அப்போது அது கருத்தாக மட்டுமே இருந்தது.

ஜம்பையின் ஒரு வரி

1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரின் குன்றில், இயற்கைக் குகை ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரிக் கல்வெட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டெடுத்தது. இன்றைய எழுத்துக்கு மாற்றினால் அந்த வரி இது:

ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி

ஈத்த என்றால் கொடுத்த. பாளி என்றால் துறவிகள் தங்கும் இருப்பிடம். சதியபுதோ ஆகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்பது பொருள்.

இந்த வரியில் அசோகர் எழுதிய பட்டமும் ஔவையார் பாடிய பெயரும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வருகின்றன. முதல் சொல் பிராகிருதம். அதற்குத் தமிழில் இல்லாத 'ஸ' எழுத்தைப் பிராகிருத பிராமியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மற்றச் சொற்கள் தமிழ். அன்றைய மக்களுக்கு 'சதிய' என்பதும் 'அதிய' என்பதும் ஒரு பெயரின் இரண்டு மொழி வடிவங்கள். அகில இந்திய அளவில் அறியப்பட்ட வடிவம் ஒன்று, வீட்டு வடிவம் ஒன்று.

இந்தக் கல்வெட்டு இலக்கியத்தோடும் பொருந்துகிறது. அதியமான் கோவலூரை வென்றதையும், அதைப் பரணர் பாடியதையும் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் குறிப்பிடுகிறார். கோவலூர் என்பது திருக்கோவிலூர். ஜம்பை அதன் பக்கத்து ஊர். தகடூர்த் தலைவன் அங்கே போய்க் கொடை கொடுத்தது எப்படி என்ற கேள்விக்கு அந்தப் பாட்டு விடை தருகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஜம்பைக் கல்வெட்டின் காலத்தை ஐராவதம் மகாதேவன் எழுத்தமைதி கொண்டு கி.பி. 1ஆம் நூற்றாண்டு என்கிறார். அதற்கும் முந்தியது என்பாரும் உண்டு. எப்படியாயினும் அசோகர் சொன்ன சதியபுதோ நம் நெல்லிக்கனி அதியமானே என்று மாணவரிடம் சொல்லிவிடக் கூடாது. சதியபுதோ ஒரு குடியின் பெயர். அசோகர் காலத்தில் இருந்தவர் அந்தக் குடியின் முன்னோர். அஞ்சி அந்தக் குடியில் வந்தவன்.

சகரம் எங்கே போயிற்று?

இப்போது தமிழாசிரியர்கள் கைக்கு வருவோம். 'சதிய' எப்படி 'அதிய' ஆயிற்று?

தொல்காப்பியத்தின் மொழிமரபில் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகளைப் பற்றிய விதிகள் உண்டு. அங்கே சகரமெய் அ, ஐ, ஔ என்ற மூன்று உயிரோடும் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்ற விதி இருக்கிறது. அந்த நூற்பாவுக்குப் பாடவேறுபாடு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் அறிந்த பாடத்தின்படி 'சதியன்' என்பது தமிழ்ச் சொல்லாகத் தொடங்கவே முடியாது.

இது வெறும் இலக்கண விதி அல்ல. சொற்களில் கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றம். சமணர் என்பதற்கு அமணர் என்ற வடிவமும் உண்டு; தேவாரத்தில் அமணர் நிறைய வருகிறது. வடமொழிச் சபை தமிழில் அவை. சந்தியா தமிழில் அந்தி. ஆயிரம் இன்னும் அழகான எடுத்துக்காட்டு. வடமொழியில் சகஸ்ரம், கன்னடத்தில் சாவிர, தமிழில் ஆயிரம். பக்கத்து மொழி சகரத்தை வைத்துக்கொண்டது, நாம் விட்டுவிட்டோம். சிப்பிக்கு இப்பி என்ற பழைய வடிவம் இருப்பதையும் பாருங்கள். எல்லாச் சொல்லிலும் இது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்த சொற்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் சதிய, அதிய என்ற இணை இயல்பாகப் போய் அமர்கிறது.

ஒரு மாணவர் கேட்கலாம்: "ஐயா, அப்படியானால் சேரன் ஏன் ஏரன் ஆகவில்லை?" நல்ல கேள்வி. நூற்பா தடுப்பது அகரத்தையும் ஐகார ஔகாரத்தையும்தான், சே தடுக்கப்படவில்லை. சேரன் தன் சகரத்தை வைத்துக்கொண்டது அந்த விதிக்கு முரணானது அல்ல.

புதோ, மகன், மான்

பெயரின் பின்பாதியையும் பார்ப்போம். புதோ என்றால் மகன். அதியமான் என்பதில் உள்ள 'மான்' என்ன? வகுப்பில் கேட்டால் விலங்கு என்று சொல்லும் குழந்தை கட்டாயம் இருக்கும். மகன் என்பது விரைந்து ஒலிக்கையில் நடு ககரம் தேய்ந்து மான் ஆகிறது. பெருமகன் பெருமான் ஆனது, கோமகன் கோமான் ஆனது அப்படித்தான். சேரமான், மலையமான், தொண்டைமான் எல்லாம் இந்த வரிசை. நெடுமான் அஞ்சி என்பதிலும் இதே மான்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கேரள-புதோ, சேர-மான். சதிய-புதோ, அதிய-மான். அசோகரின் எழுத்தர் முன்பாதியை ஒலியாக எழுதி, பின்பாதியை மொழிபெயர்த்திருக்கிறார். தெற்கில் 'மகன்' என்று கேட்டதை வடக்கில் 'புத்ர' ஆக்கினார். ஒரே பெயருக்குள் பாதி ஒலிபெயர்ப்பு, பாதி மொழிபெயர்ப்பு. இதை மாணவர் தாமே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடலாம்.

பாட்டு வேறு, அடிக்குறிப்பு வேறு

இலக்கியத்துக்கு வரும்போது மிகவும் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. புறநானூற்றுப் பாட்டு ஒரு காலத்தது. பாட்டின் கீழே 'இன்னாரை இன்னார் பாடியது' என்று வரும் குறிப்பு பாட்டைத் தொகுத்தவர் காலத்தது. நெல்லிக்கனியைப் பாடும் 91ஆம் பாட்டின் உள்ளே அவன் அதியர் கோமான், அஞ்சி என்று குறிக்கப்படுகிறான். அதியமான் நெடுமான் அஞ்சி என்ற முழு வரிசை அடிக்குறிப்பில் உள்ளது. இரண்டையும் ஒரே காலத்துச் சான்று என்று எழுதினால் தவறு.

ஆனால் அடிக்குறிப்பை ஒதுக்கிவிடவும் கூடாது. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். ஜம்பைக் கல்வெட்டு வெளிப்பட்டது 1981இல். அடிக்குறிப்பில் அதியமான், நெடுமான், அஞ்சி. கல்லில் அதியன், நெடுமான், அஞ்சி. மூன்று உறுப்பும் அதே வரிசையில் நிற்கின்றன. முதல் உறுப்பின் ஈறு மட்டும் வேறு. ஏட்டில் படியெடுத்து வந்தவர்கள் எவ்வளவு நம்பிக்கையாகப் பெயரைக் காத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இலக்கியத்தில் இன்னொரு வடிவமும் தொடங்குகிறது. சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களைச் சொல்லும் இடத்தில் இவனை அதிகன் என்கிறது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் அதிகமான் என்கிறது. யகரம் இருந்த இடத்தில் ககரம். பதிகமும் பாட்டுக்குப் பிற்பட்டது என்பதை இங்கேயும் நினைவில் வையுங்கள்.

இடைக்காலக் கல்லும் செம்பும்

கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு அவனிடம் தோற்றவனை அதியன் என்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நாமக்கல் குடைவரை, கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று பெயர் பெறுகிறது. இந்த இரண்டாவது சான்று முக்கியமானது. அது வடமொழிக் கல்வெட்டு. வடமொழியில் எழுதும்போதுகூடச் 'சதிய' என்ற வடிவம் திரும்பி வரவில்லை. தமிழ் வடிவமான 'அதிய' என்பதோடு இந்திரன் சேர்க்கப்படுகிறான். இந்தக் கல்வெட்டு எழுதப்பட்ட வட்டத்தில் பழைய சகர வடிவம் வழக்கொழிந்துவிட்டது என்று இதிலிருந்து உணரலாம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் அதிகமான், அதிகைமான் என்ற வடிவங்கள் வருகின்றன. அதிகை என்றதும் கெடிலக்கரைத் திருவதிகை நினைவுக்கு வரும். அந்த ஊரிலிருந்து வந்த பெயர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நாம் தடத்தை முதலிலிருந்து பிடித்து வந்திருக்கிறோம். ஐகாரம் கடைசியில்தான் வருகிறது. பழக்கமான ஊர்ப்பெயரின் சாயல் பழம்பெயரின் மேல் படிந்தது என்று கொள்வதே பொருத்தம். சத்தியம் என்று படித்தவர்கள் செய்ததும் இதுதான்: தெரியாத பெயரைத் தெரிந்த சொல்லாக்கினார்கள்.

இதே காலத்தில் கன்னடக் கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன? போசள அரசன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜன் 1116ஆம் ஆண்டளவில் தலக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றினான். அங்கே சோழர் சார்பில் இருந்தவனைக் கன்னடக் கல்வெட்டுகள் அதியம என்கின்றன. தகரத்தை மெல்லோசையான 'd' எழுத்தால் எழுதுகின்றன. தமிழ் எழுத்தில் தகரம் ஒன்றுதான். அது வல்லோசையா மெல்லோசையா என்று எழுத்து காட்டாது. கன்னடக் கல்வெட்டு அந்தக் காலத்து உச்சரிப்பை நமக்குக் காதில் ஓதுகிறது. ககரம் சேராத வடிவமும் பேச்சில் உயிரோடு இருந்தது என்றும் தெரிகிறது.

பெயரை மொழிபெயர்த்த கல்

கடைசியாக ஒரு பொறி. போளூருக்கு அருகில் திருமலை என்ற சமணத் தலம் இருக்கிறது. அங்கே விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர் அதிகைமான், முன்னோன் எழினி அமைத்த இயக்கன், இயக்கி உருவங்களைச் சீர்செய்ததைச் சொல்லும் கல்வெட்டு உண்டு. அதில் தமிழும் வடமொழியும் உள்ளன. தமிழ்ப் பகுதியில் எழினி. வடமொழிப் பகுதியில் யவனிகா. இரண்டுக்கும் ஒலியில் தொடர்பே இல்லை. எழினி என்றால் திரைச்சீலை. யவனிகா என்றாலும் திரைச்சீலை. விடுகாதழகியன் என்ற பெயரும் அப்படியே 'தொங்கும் காதால் அழகு பெற்றவன்' என்ற பொருளில் வடமொழியாக்கப்பட்டிருக்கிறது.

வடமொழிப் பகுதி மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் யவனிகா என்ற பெயரில் கிரேக்கத் தொடர்பைத் தேடிக்கொண்டிருப்போம். ஆகவே ஒலியைப் பின்தொடர் என்ற விதிக்கும் எல்லை உண்டு. பெயர் மொழி தாண்டும்போது ஒலியாகவும் போகலாம், பொருளாகவும் போகலாம், அசோகர் கல்லில் போல் பாதிப் பாதியாகவும் போகலாம். எது நடந்தது என்று அறிய, இரண்டு வடிவமும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வரும் ஜம்பை போன்ற, திருமலை போன்ற ஒரு சான்று வேண்டும்.

வகுப்பறைக்கு

வகுப்பில் செய்ய ஒரு வேலை. கரும்பலகையில் நான்கு பத்தி போடுங்கள்.

| வடிவம் | எங்கே | மொழி | காலம் |
|---|---|---|---|
| சதியபுதோ | அசோகர் பாறை ஆணை | பிராகிருதம் | கி.மு. 3ஆம் நூ. |
| ஸதியபுதோ அதியன் | ஜம்பை | பிராகிருதச் சொல்லோடு தமிழ் | கி.பி. 1ஆம் நூ. (மகாதேவன்) |
| அதியர் கோமான் | புறநானூறு 91, பாட்டுக்குள் | தமிழ் | சங்ககாலம் |
| அதியமான் | அதன் அடிக்குறிப்பு | தமிழ் | தொகுத்த காலம் |
| அதியேந்திர | நாமக்கல் | வடமொழி | 8ஆம் நூ. |
| அதியம | போசளர் கல்வெட்டு | கன்னடம் | 12ஆம் நூ. |
| அதிகைமான் | சோழர் காலக் கல்வெட்டுகள் | தமிழ் | சோழர் காலம் |

முதல் பத்தியை மட்டும் கலைத்துப் போட்டுக் கொடுத்து, மற்ற மூன்றையும் பார்த்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புக்குச் சமணர்–அமணர், பெருமகன்–பெருமான் போன்ற இணைகள் போதும். பத்தாம் வகுப்புக்கு 'இந்த வடிவத்தை எழுதியவர் யார், அவருடைய மொழி எது?' என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி திறந்தே இருக்கிறது. முதலில் இருந்தது சகரமுள்ள வடிவமா, தமிழ் அதை விட்டதா. அல்லது தமிழில் முதலிலிருந்தே அதியர்தானா, பிராகிருதம் சகரத்தைச் சேர்த்ததா? ஆயிரம், அவை, அந்தி எல்லாம் முதல் கருத்தின் பக்கம் சாய்கின்றன. ஆனால் அசோகருக்கு முந்திய தமிழ் எழுத்துச் சான்று ஒன்றில் இந்தப் பெயர் கிடைத்தால் மட்டுமே முடிவு சொல்ல இயலும். இதையும் மாணவரிடம் அப்படியே சொல்லலாம். தர்மபுரிக்குப் பக்கத்தில் அதியமான்கோட்டை என்ற ஊர் இன்றும் இருக்கிறது; பழைய ஆங்கில ஆவணங்கள் அதை அதமன்கோட்டை என்ற ஒலிப்பில் எழுதின. அட்டவணையின் கடைசி வரியில் அதை மாணவர்களே எழுதிக்கொள்ளட்டும்.